அட்வான்ஸுக்கு முன்னால் குழாயைத் திறங்கள்

சென்னையில் வாடகைக்கு ஃபிளாட் பார்க்கப் போனால் பெரும்பாலும் கால் மணி நேரம்தான் கிடைக்கிறது. புரோக்கர் பூட்டைத் திறந்து ஹால், பெட்ரூம், கிச்சன், பால்கனி என்று வரிசையாகக் காட்டுவார். வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள், "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க மேடம், ஒரு அஞ்சாயிரம் டோக்கன் போட்டுட்டீங்கன்னா பிடிச்சு வச்சிடலாம்" என்பார். நாமும் வெளிச்சத்தையும் டைல்ஸையும் கப்போர்டுகளையும் பார்த்த திருப்தியில் ஜிபே-யைத் திறந்துவிடுகிறோம். குடிபோன பிறகு தினமும் படுத்துபவை வேறு. குளிக்கும்போது நூலாக வரும் தண்ணீர், மழைக்காலத்தில் ஊறும் சுவர், போன் எடுக்காத படுக்கையறை, இண்டக்‌ஷன் அடுப்பைச் செருக இடமில்லாத சமையலறை, விடிகாலையில் எழுப்பும் சத்தம். இந்த ஐந்தையும் பணம் கைமாறுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

குறை இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அதைச் சரிசெய்ய யாரால் முடியும் என்பதையும் உடனே கேட்டுக்கொள்ள வேண்டும். சாக்கெட் மாற்றுவது வீட்டு உரிமையாளர் கையில் இருக்கிறது. மொட்டை மாடி ஒழுகினால் அது அசோசியேஷன் விவகாரம். மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து உங்கள் சுவருக்கு ஓதம் இறங்கினால், அந்த மேல்வீட்டுக்காரர் மனது வைத்துத் தரையை உடைத்தால்தான் தீரும். பக்கத்துக் காலி மனையில் நாளை கட்டடம் எழும்பினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. குறை எவ்வளவு பெரிது என்பதைவிட, அதைத் தீர்க்கும் அதிகாரம் உங்களிடம் பணம் வாங்கப்போகிறவருக்கு இருக்கிறதா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒரு வீட்டையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். என் அக்கா மகளுக்கு வேளச்சேரி பக்கம் வேலை. மடிப்பாக்கத்தில் தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி கொண்ட பழைய கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் பிடித்திருந்தது. வாடகை 18,000, அட்வான்ஸ் ஒரு லட்சம் கேட்டார்கள். மே மாதம். வீடு காலியாகப் புதுப் பெயின்ட் வாசனையோடு இருந்தது. "சித்தி, நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்க" என்றாள். காலை ஏழு மணிக்குப் போகலாம் என்றேன். புரோக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பார்க்க அதுதான் சரியான நேரம். கட்டடத்தில் எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் வருவதுதான் உங்களுக்கு நிஜமாகக் கிடைக்கப்போகும் தண்ணீர். மத்தியானம் பதினொரு மணிக்கு எந்த வீட்டிலும் நன்றாகத்தான் வரும்.

கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் போன் சார்ஜரும் இருந்தால் போதும். குழாயை முழுதாகத் திறந்து, பாட்டில் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். பத்து விநாடி என்றால் நிமிடத்துக்கு ஆறு லிட்டர். இருபது லிட்டர் பக்கெட் மூன்றரை நிமிடத்துக்குள் நிரம்பும், குறை சொல்ல முடியாது. இருபது விநாடிக்கு மேல் போனால் காலையில் அவசரமாகக் கிளம்பும் வீட்டுக்குச் சரிப்படாது. மடிப்பாக்கம் வீட்டில் கிச்சன் குழாயில் எட்டு விநாடி, பாத்ரூம் குழாயில் ஒன்பது. ஷவரில் இருபத்தெட்டு.

மேல் மாடியில் ஷவர் மெலிந்து வருவதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. பெரும்பாலான கட்டடங்களில் தண்ணீரைத் தள்ளுவது மொட்டை மாடித் தொட்டியின் உயரம் மட்டும்தான். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். தரைத்தளத்து வீட்டுக்கு அந்தப் பத்து மீட்டரும் கிடைத்துவிடும். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் மேடையில் வைத்த தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டின் ஷவருக்கோ, தொட்டி நிரம்பியிருந்தாலும் மூன்று மீட்டர்தான் தேறும். தொட்டி காலியாகக் காலியாக அதுவும் குறையும். 0.3 பார்கூட நிச்சயமில்லை. தானியங்கி வாஷிங் மெஷின்கள் பலவற்றுக்குக் குறைந்தபட்ச அழுத்தம் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கும், கையேட்டில் போட்டிருப்பார்கள். அது கிடைக்காவிட்டால் தண்ணீர் இழுக்கவில்லை என்று மெஷின் பாதியில் நின்றுவிடும்.

ஆனால் உயரத்தை மட்டும் காரணம் சொல்லி விட்டுவிடக் கூடாது. ஷவர் கிச்சன் குழாயைவிட ஒரு மீட்டர்தான் மேலே இருக்கிறது. அந்த ஒரு மீட்டருக்கு மூன்று மடங்கு வித்தியாசம் வராது. அக்கா மகள் ஷவர் தலையைத் திருகிக் கழற்றினாள். உள்ளங்கையில் வெள்ளைச் செதில்கள் கொட்டின, கல் உப்பு மாதிரி. தலை இல்லாமல் வெறும் குழாயில் பிடித்தபோது பன்னிரண்டு விநாடியில் பாட்டில் நிரம்பியது. ஆக, அழுத்தக் குறைவு என்று நினைத்ததில் பெரும்பகுதி உப்பு அடைப்பு. ஒரே ஒரு குழாயில் மட்டும் மெதுவாக வந்தால் அதன் வாயில் இருக்கும் வலையையும் சுவரோரம் இருக்கும் ஆங்கிள் வால்வையும் பார்க்க வேண்டும். பிளம்பர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். எல்லாக் குழாயிலும் மெதுவாக வந்தால் குறை தொட்டியிலோ இறங்குகுழாயிலோ இருக்கிறது. பழைய கட்டடங்களின் இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறி ஓட்டை சிறுத்துப்போயிருக்கும்; காலையில் முதல் தண்ணீர் செம்பழுப்பாக வருவது அதற்கு அடையாளம். அந்த வேலை சுவரை உடைக்காமல் நடக்காது. குடிவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உரிமையாளர் சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாகக் கிச்சனையும் பாத்ரூமையும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்துவிடுங்கள். ஒன்றைத் திறந்ததும் இன்னொன்று பாதியாகக் குறைந்தால், ஒருவர் பாத்திரம் கழுவும்போது இன்னொருவர் குளிக்க முடியாது. "மோட்டார் போடல மேடம், இப்ப தண்ணி வராது" என்று பதில் வந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் சரி. தண்ணீரைப் பார்க்காமல் டோக்கன் கொடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஷவரில் கொட்டிய செதில்கள் இன்னொன்றையும் சொல்லின. அது போர் தண்ணீர், உப்புத் தண்ணீர். குழாயின் அடியில் வெள்ளைப் படலம் இருந்தாலும், சோப்பு நுரைக்காவிட்டாலும் அதுதான். கெய்சரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும். சம்ப்புக்கு மெட்ரோ தண்ணீர் வருகிறதா, வந்தால் போர் தண்ணீரோடு கலக்கிறார்களா, கோடையில் லாரி எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேருமா என்பதை வாட்ச்மேனிடம் கேளுங்கள். புரோக்கருக்குத் தெரியாது, உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார். வாட்ச்மேன்தான் வால்வைத் திறக்கிறவர். "நாலு நாளைக்கு ஒரு லாரிம்மா, மே வந்தா ரெண்டு நாளைக்கு ஒண்ணு" என்று இந்தக் கட்டடத்தில் அவர் சொன்னபோதுதான், விளம்பரத்தில் போட்டிருந்த மெயின்டனன்ஸ் தொகை கோடைக்குப் பொருந்தாது என்பது தெரிந்தது.

அடுத்து ஓதம். சென்னையில் வீடு மாறுகிற காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான். மழை கொட்டுவதோ ஐப்பசி, கார்த்திகையில். அதனால் ஓதத்தின் ஈரத்தை நாம் பார்க்கவே மாட்டோம், அது விட்டுப்போன தடத்தைத்தான் தேட வேண்டும். அந்தத் தடத்தையும் புதுப் பெயின்ட் மூடியிருக்கும். வீடு முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தால் பரவாயில்லை. நான்கு சுவரில் ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்தச் சுவரைத்தான் முதலில் தடவிப் பார்க்க வேண்டும். விரல் முட்டியால் தட்டினால் நல்ல பூச்சு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். ஓதத்தில் உப்பிப் பிரிந்த பூச்சு உள்ளே பொள்ளலாக ஒலிக்கும்.

பெயின்டர் கை படாத இடங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. லாஃப்ட்டின் உள்பக்கம், கப்போர்டின் பின்சுவர், சிங்க்குக்கு அடியில், பாத்ரூமின் மேல் மூலை. போன் டார்ச்சை அடித்துப் பார்க்க வேண்டியது அங்கேதான். மடிப்பாக்கம் வீட்டில் சிறிய பெட்ரூமின் லாஃப்ட்டுக்குள், கூரையின் அடிப்பக்கத்தில், தட்டு அகலத்துக்கு ஒரு பழுப்பு வளையம் இருந்தது. அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. ஒவ்வொரு மழைக்கும் நனைந்து காய்ந்த ஓரங்கள் அவை. தொட்டுப் பார்த்தால் எலும்பாகக் காய்ந்திருந்தது.

காய்ந்திருந்ததுதான் முக்கியமான தகவல். ஓதம் எங்கிருந்து வருகிறது என்பதை அது இருக்கும் இடமும் காலமும் காட்டிக்கொடுத்துவிடும். மே மாதத்திலும் ஈரமாக இருந்தால் மழைக்குச் சம்பந்தமில்லை, எங்கேயோ குழாயோ பாத்ரூம் தரையோ கசிகிறது. பாத்ரூமை ஒட்டிய சுவரில் தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து உப்புப் பூத்திருக்கும். தரைத்தளத்தில் பல சுவர்களிலும் ஒரே உயரத்துக்குப் பட்டையாக ஏறியிருந்தால் அஸ்திவாரத்து ஈரம், அது தீராது. ஜன்னலின் கீழ் மூலைகளிலும் வெளிச்சுவரின் விரிசலோரமும் இருந்தால் சாரல். கூரையில் மட்டும், அதுவும் கடைசி மாடியில், வெயில் காலத்தில் காய்ந்திருந்தால் மொட்டை மாடி.

கூரையில் நேர்கோடாக விரிசல் ஓடி, துருவின் செம்பழுப்பு தெரிந்தாலோ, சிமென்ட் பெயர்ந்து கம்பி எட்டிப்பார்த்தாலோ அங்கேயே கிளம்பிவிடுவது உத்தமம். கம்பி துருப்பிடிக்கும்போது பருத்து, சுற்றியிருக்கும் காங்கிரீட்டை வெடிக்கவைக்கிறது. கடற்கரையோரப் பழைய கட்டடங்களில் இதை நிறையப் பார்க்கலாம். பூசி மறைப்பதால் அது நிற்காது, தூங்குகிறவர் தலையில் விழும் அபாயம் உண்டு.

நாங்கள் மொட்டை மாடிக்கு ஏறினோம். அந்த லாஃப்ட்டுக்கு நேர் மேலே தட்டோடு விரிந்து, இடுக்கில் புல் முளைத்திருந்தது. மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் சருகு அடைத்துக் கிடந்தது. அக்கா மகள் உரிமையாளருக்குப் போன் செய்தாள். "சார், டேரஸ் ஒழுகுது போலிருக்கே, மழைக்கு முன்னாடி வேலை செஞ்சு குடுப்பீங்களா?" என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர், மறைக்கவில்லை. "அது அசோசியேஷன் செய்யணும்மா. அவங்களைக் கேட்டா, மேல் மாடிக்காரங்க போட்டுக்கட்டும்னு சொல்றாங்க. ரெண்டு வருஷமா பேச்சு நடக்குது" என்றார். மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. அதனாலேயே அதன் செலவை ஏற்க ஒருவரும் முன்வருவதில்லை. இந்த வீட்டில் ஓதத்தின் அளவு சின்னதுதான். ஆனால் தீர்க்கும் அதிகாரம் அட்வான்ஸ் வாங்கப்போகிறவரிடம் இல்லை.

சாக்கெட்டுகளுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம், சார்ஜரை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் முடிந்தது. மெயின் ஸ்விட்ச் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பிளக் தளதளவென்று ஆடுகிறதா, ஓட்டையைச் சுற்றிக் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். கருகல் இருந்தால் உள்ளே இணைப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது. பிறகு பெரிய சாக்கெட்டுகளை எண்ணுங்கள். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சின்ன சாக்கெட் அதைத் தாங்காது, 16 ஆம்பியர் வேண்டும். கெய்சர், ஏசி, வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் அப்படியே. மடிப்பாக்கம் கிச்சனில் பெரிய சாக்கெட் ஒன்றுகூட இல்லை, சின்னது இரண்டுதான். ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று என்றால் கிரைண்டர் நடுத்தெருவில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அதில் இண்டக்‌ஷனைச் செருகுவது தீ விபத்துக்கு வழி. மெயின் போர்டில் T என்று எழுதிய பட்டனோடு ஒரு ஸ்விட்ச் இருந்தால், அதுதான் ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்சிசிபி. மின்சாரம் இருக்கும்போது அந்தப் பட்டனை அழுத்தினால் சட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது பெயருக்குத்தான் இருக்கிறது. எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், நாமே வயரை நீட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

இதை முன்பே பார்க்கச் சொல்வதற்குச் சட்டத்திலும் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பராமரிப்பு வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிறது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கட்டடப் பழுது, குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், கெய்சர், ஸ்விட்ச், சாக்கெட் பழுதெல்லாம் குடியிருப்பவர் தலையில். குடிபோன மறுநாள் கருகிய சாக்கெட்டைக் கண்டுபிடித்தால் அது உங்கள் செலவு.

சிக்னலை ஹாலில் நின்று பார்ப்பதில் பயனில்லை. கதவை மூடிக்கொண்டு படுக்கையறையின் உள்மூலையில் நின்று ஒருவருக்குப் போன் செய்து இரண்டு நிமிடம் பேசுங்கள். திரையில் தெரியும் கோடுகள் போனுக்குப் போன் மாறும், எண்தான் நம்பகமானது. ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் Settings > About phone > SIM status என்று போனால் dBm என்ற எண் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் வரும். அது மைனஸ் எண். 4ஜி-யில் -95 வரை நல்லது, -110-ஐத் தாண்டினால் பேச்சு அறுபடும், -120 என்றால் ஓடிபி வருவதே சந்தேகம். அடர்த்தியான காங்கிரீட் சுவர்கள் சிக்னலை விழுங்கும். உயரமான அடுக்குமாடிகளில் மேலே போகப் போக நன்றாகக் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம், டவர் ஆண்டெனாக்கள் சற்றுக் கீழ்நோக்கித் தெருவுக்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். எங்கள் வீட்டில் ஹாலில் -92, சிறிய பெட்ரூமில் -113. இது யாராலும் மாற்ற முடியாத குறை. ஆனால் சுற்றிப் போக வழி உண்டு. வீட்டில் நல்ல ஃபைபர் இணைப்பு இருந்து, போனில் வைஃபை காலிங் வசதியும் இருந்தால் அழைப்புகள் அந்த வழியாக வந்துவிடும். அதனால் அந்தக் கட்டடத்துக்குள் எந்தெந்த நிறுவனத்தின் கேபிள் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட வேண்டும். ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் அனுமதி என்று வைத்திருக்கும் கட்டடங்களும் இருக்கின்றன.

சத்தத்துக்கு இன்னொரு முறை போக வேண்டும், இரவு ஒன்பது மணிக்கு மேல். ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடம், மூடி ஐந்து நிமிடம் படுக்கையறையில் பேசாமல் உட்காருங்கள். மண்டபம், பஸ் திருப்பம், ஒர்க்‌ஷாப், பள்ளிக்கூடம் எது பக்கத்தில் இருக்கிறது என்று தெருவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்று சட்டம் இருக்கிறது, ஆனால் ஆடி மாதத்தில் அந்தச் சட்டத்தை நம்பி வீடு எடுக்க முடியாது. மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகள் என்றால் தலைக்கு மேல் ஓடுபாதையின் பாதை வருகிறதா என்று பாருங்கள். பக்கத்துக் காலி மனையில் ஜல்லியும் மணலும் இறங்கியிருந்தால் ஒரு வருடத்துக்கு மேல் காதுக்கு ஓய்வில்லை. வெளிச் சத்தத்தைவிடக் கட்டடத்துக்குள் இருப்பதுதான் பலருக்குத் தப்பிவிடுகிறது. மேல் மாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குக் கீழே படுக்கையறை, தரைத்தளத்தில் சம்ப் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் ஒட்டிய ஜன்னல் ஆகியவை மோசமானவை. இந்த வீட்டில் தண்ணீர்த் தொட்டி பெரிய பெட்ரூமுக்கு நேர் மேலே. மோட்டார் எப்போது போடுவீர்கள் என்று வாட்ச்மேனைக் கேட்டோம். காலை நாலரை என்றார்.

கூட்டிப் பார்த்தோம். ஷவரையும் சாக்கெட்டையும் உரிமையாளர் ஒரே நாளில் சரிசெய்து தருவதாகச் சொன்னார், செய்தும் தந்திருப்பார். சிக்னலுக்கு வைஃபை இருக்கிறது. நாலரை மணி மோட்டாரையும், ஒழுகும் மொட்டை மாடியையும் அவரால் தொட முடியாது. அக்கா மகள் அந்த வீட்டை விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி இதே வாடகையில் இரண்டாம் மாடி வீடு ஒன்றை எடுத்தாள். அங்கேயும் குறைகள் இருந்தன. கிச்சனில் பெரிய சாக்கெட் இல்லை, பாத்ரூம் ஆங்கிள் வால்வு ஒன்று இறுகிப்போயிருந்தது. இரண்டும் உரிமையாளர் கையில் இருந்தவை.

அட்வான்ஸ் விஷயத்திலும் அதே சட்டம் கைகொடுத்தது. இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது விதி. ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் கையெழுத்தைப் பொறுத்தது. ஆறு மாதம் கேட்டவரிடம் பேசி மூன்றுக்கு, 54,000-க்கு முடித்தாள். டோக்கனாக ஐயாயிரம் அனுப்புவதற்கு முன் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டாள்: "சார், டோக்கன் 5,000 அனுப்புறேன். கிச்சனில் 16 ஆம்பியர் சாக்கெட் ஒண்ணு, பாத்ரூம் வால்வு, ரெண்டும் 28-ஆம் தேதிக்குள்ள முடியணும். முடியலன்னா டோக்கன் திருப்பித் தரணும். சரின்னா பதில் போடுங்க." அவர் "ஓகேம்மா" என்று பதில் போட்ட பிறகுதான் பணம் போனது. வேலை முடிந்ததும் குழாய், சாக்கெட், சுவர், லாஃப்ட் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து அவருக்கே அனுப்பிவைத்தாள். மீதி 49,000 அக்ரிமென்ட்டில் கையெழுத்தான அன்று பேங்க் வழியாகக் கொடுக்கப்பட்டது.